32 மாவட்ட அட்டவணையை ஒரு ஸ்லைடில் எப்படி அடக்குவது?

தம்பி, ஆராய்ச்சி உதவியாளர் நேர்காணலுக்காக நீ அனுப்பியிருந்த ஸ்லைடுகளில் ஐந்தாவதைப் பற்றி மட்டும் இப்போது பேசுவோம், மற்றவை பரவாயில்லை. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் ஆண், பெண், மொத்த எழுத்தறிவு விகிதம், கடைசியில் மாநிலத்துக்கு ஒரு வரி. கிட்டத்தட்ட இருநூறு எண்கள். எக்செல்லிலிருந்து படமாக எடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறாய். உன் லேப்டாப்பில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், ஏனென்றால் நீ ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறாய்.

முதலில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார். பவர்பாயிண்டில் சாதாரண அகலத்திரை ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், எழுத்து அளவுக் கணக்கில் 540 பாயிண்ட். தலைப்புக்கும் கீழே மூலம் குறிப்பிடும் வரிக்கும் போக மிச்சம் 400 என்று வைத்துக்கொள். 33 வரியும் தலைவரியும் சேர்த்தால் 34, ஒரு வரிக்குக் கிடைப்பது 12 பாயிண்டுக்கும் குறைவு. கட்டத்துக்குள் இருக்கும் ஓரத்தை முழுக்க எடுத்துவிட்டாலும் எழுத்து 10-ஐத் தாண்டாது. மாறாக 28 பாயிண்ட் எழுத்து வைத்தால், ஓரத்தோடு சேர்த்து ஒரு வரி சுமார் 41 பாயிண்ட் பிடிக்கும், 400-க்குள் ஒன்பது வரிதான் வரும். அதுவும் அட்டவணை தவிர வேறு எதுவுமே இல்லாத ஸ்லைடில்.

எழுத்து போதுமா என்பதை அறைக்குப் போகாமலே சோதிக்கலாம். 6 அடி அகலத் திரையில் படம் விழுந்தால் அதன் உயரம் ஏறக்குறைய 3.4 அடி. கடைசியில் இருப்பவர் 27 அடி தள்ளி இருந்தால், அது பட உயரத்தைப்போல எட்டு மடங்கு. 15.6 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் சுமார் 7.6 அங்குலம், அதன் எட்டு மடங்கு 5 அடி. ஆகவே ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு 5 அடி தள்ளி நின்று படித்துப் பார். தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி, கண்ணைச் சுருக்கினால் முடிகிறது என்றால் முடியவில்லை என்றே அர்த்தம். உன் நேர்காணல் அறை சின்னதாகவும் இருக்கலாம், ஆனால் அதை நம்பி எழுத்தைக் குறைக்காதே.

சரி, எந்த வரிகளை வைப்பது? அதற்கு முன்னால் இந்த ஸ்லைடில் நீ சொல்ல வந்தது என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுது. உன் அறிக்கையைப் படித்தவரை, மாவட்டங்களை விட ஆண்-பெண் இடைவெளி சுருங்கி வந்ததுதான் உன் விஷயம். அப்படியானால் இந்த ஸ்லைடுக்கு 32 மாவட்டமும் வேண்டாம், மாநில வரி ஒன்றே போதும், அதைக் காலவாரியாகப் பிரித்தால் மூன்று வரி கிடைக்கிறது:

| ஆண்டு | ஆண் (%) | பெண் (%) | இடைவெளி |
|---|---:|---:|---:|
| 1991 | 73.75 | 51.33 | 22.42 |
| 2001 | 82.42 | 64.43 | 17.99 |
| 2011 | 86.77 | 73.44 | 13.33 |

'மொத்தம்' என்ற பத்தியை எடுத்துவிட்டேன் பார். அது தப்பான எண் என்பதால் இல்லை, இந்த வாக்கியத்துக்கு அது உதவவில்லை என்பதால். இடைவெளி என்ற பத்தி உன் அட்டவணையில் இல்லவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நீ சொல்ல வந்த எண்ணையே பார்ப்பவர் மனக்கணக்காகக் கழித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாய்.

1981-ஐ ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். பதில் இருக்கிறது. 1991 கணக்கெடுப்பில்தான் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை அடிப்படையாக வைத்து விகிதம் கணக்கிடும் முறை வந்தது, அதற்கு முன்னால் வெளியான எண்களை அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். 2021-ல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது, அதனால் 2011-ல் நிற்கிறது. வரிகளைக் குறைக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படி ஒரு காரணம் உன் கையில் இருக்க வேண்டும். உனக்குச் சாதகமில்லாத வரியை மட்டும் வெட்டினால், தரவோடு பழகியவர்கள் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது தெரிந்துவிடும். மாவட்டங்களைப் பற்றியும் பேசியே ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனி ஸ்லைடு வை, 2011-ல் முதலிடத்தில் இருந்த கன்னியாகுமரி 91.75, மாநிலம் 80.09, கடைசியில் இருந்த தருமபுரி 68.54 என்று மூன்றே வரி, 'முதல், சராசரி, கடைசி' என்று எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பதையும் ஸ்லைடிலேயே எழுதிவிடு.

இப்போது தசமம். வரியைக் குறைத்த வேகத்தில் எண்களையும் சுருக்கத் தோன்றும், பொதுவாக அது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த அட்டவணையில் மாட்டிக்கொள்வாய். 2011-க்கு 86.77-ஐ 87 என்றும் 73.44-ஐ 73 என்றும் எழுதினால், பார்ப்பவர் கழித்துப் பார்ப்பார், 14 வரும், உன் இடைவெளிப் பத்தியில் 13 இருக்கும். ஒரு தசமம் வைத்தாலும் அதே கதை: 86.8-லிருந்து 73.4 போனால் 13.4, ஆனால் 13.33-ஐச் சுருக்கினால் 13.3. இரண்டுமே முறைப்படி சரி, ஆனாலும் அறையில் ஒருவர் கையைத் தூக்குவார், உன் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் சுருக்கல் பிழையை விளக்குவதில் போய்விடும். மூன்றே வரி இருப்பதால் இடம் தாராளம், எனவே அட்டவணைக்குள் இரண்டு தசமமும் இருக்கட்டும், வெளியே பெரிதாகக் காட்டும் எண்ணை மட்டும் 13 என்று முழு எண்ணாக வை.

அந்த ஒற்றை எண்ணுக்கு வருவோம். ஸ்லைடை இரண்டாகப் பிரி. இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கில் 13, 120 பாயிண்ட் அளவில், தடித்த எழுத்தில், ஒரே அடர் நிறத்தில். அதற்குக் கீழே 24 பாயிண்டில் 'சதவீதப் புள்ளி இடைவெளி, 2011'. வலது பக்கம் மேலே உள்ள அட்டவணை, 28 பாயிண்டில். 13.33 இருக்கும் கட்டத்துக்கும் இடது பக்க எண்ணின் அதே நிறம், அப்போதுதான் இந்த 13 எங்கிருந்து வந்தது என்று கண் தானாகப் போய்ச் சேரும். மற்ற எண்கள் எல்லாம் அடர் சாம்பல். வெளிர் சாம்பல் வேண்டாம், ப்ரொஜக்டர் வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். 22.42-க்கும் ஒரு நிறம் கொடுக்கலாமே என்று கை அரிக்கும், கொடுக்காதே, இரண்டு எண்கள் நிறமாக இருந்தால் எதைப் பார்க்கச் சொல்கிறாய் என்று தெரியாது. 22 தலைப்பில் வரட்டும்: 'ஆண்-பெண் எழுத்தறிவு இடைவெளி 20 ஆண்டுகளில் 22 புள்ளியிலிருந்து 13-ஆகக் குறைந்தது'. உன் பழைய தலைப்பு 'எழுத்தறிவு விவரங்கள்', அதைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்?

'13 சதவீதம்' என்று எழுதிவிடாதே, பேசும்போதும் சொல்லிவிடாதே. இரண்டு விகிதங்களின் வித்தியாசம் என்பதால் அது சதவீதப் புள்ளி. 22.42-லிருந்து 13.33-க்கு வந்தது 9 புள்ளி இறக்கம், அதையே சதவீதமாகச் சொன்னால் இடைவெளி சுமார் 40 சதவீதம் சுருங்கியது. இரண்டில் எதைச் சொன்னாலும் சரி, ஆனால் ஒன்றை மட்டும் சொல், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் குழம்புவார்.

செய்யும் விதம்: எக்செல்லில் இந்த நான்கு பத்தியை மட்டும் தனியாக அமைத்துக்கொண்டு நகலெடு, பவர்பாயிண்டில் ஒட்டும்போது வரும் தேர்வுகளில் Picture வேண்டாம், Use Destination Styles எடு. படமாக ஒட்டினால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, இழுத்தால் எல்லாம் சேர்ந்து மங்கும். அப்புறம் Table Design-ல் Banded Rows டிக்கை எடுத்துவிடு, மூன்று வரிக்கு வரிவிட்டு வரி நிறம் எதற்கு. எண்களை வலது பக்கம் ஒழுங்குபடுத்தினால் தசமப்புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தமிழ் எழுத்துக்கு Nirmala UI போன்ற யூனிகோடு எழுத்துரு வை, பழைய பாமினி வகையில் அடித்திருந்தால் அவர்கள் கணினியில் கோணல்மாணலாக வரும். பத்தித் தலைப்புகள் நீளமாக இருந்தால் தமிழில் சட்டென்று இரண்டு வரியாக மடியும், அதனால்தான் 'பெண்' என்று சுருக்கமாக எழுதினேன்.

கீழே 14 அல்லது 16 பாயிண்டில் மூலம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1991, 2001, 2011, இறுதி எண்கள். 'இறுதி' என்ற சொல்லை விட்டுவிடாதே. 2011-க்கு முதலில் வெளியான தற்காலிக எண்கள் வேறு, ஆண் 86.81, பெண் 73.86, அதில் இடைவெளி 12.95. இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, உன் எக்செல்லிலும் இரண்டு மாவட்டங்கள் தற்காலிக எண்ணோடு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம், சரிபார்.

பழைய பெரிய அட்டவணையை அழிக்க வேண்டாம். நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் தள்ளி வை, அங்கே அது பொடி எழுத்தில் இருந்தால் பரவாயில்லை, ஏனென்றால் யாராவது கேட்டால்தான் அது வெளியே வரும். எந்த மாவட்டத்தைக் கேட்டாலும் ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேராக அங்கே போய்விடும், எல்லார் கண்முன்னும் பத்து ஸ்லைடை உருட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதையே இரண்டு பக்கத் தாளாக அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பெரிதாக ஒரு எண்ணைக் காட்டினால் அடுத்த கேள்வி அதன்மீதுதான் விழும்: ஏன் குறைந்தது? முதல் பாதிப் பதில் அட்டவணையிலேயே இருக்கிறது, 20 ஆண்டுகளில் ஆண் விகிதம் 13 புள்ளி ஏறியபோது பெண் விகிதம் 22 புள்ளி ஏறியிருக்கிறது. அதற்கு மேல் ஏதாவது ஒரு அரசுத் திட்டத்தின் பேரைச் சொல்லி 'இதனால்தான்' என்று முடிக்காதே, இந்த மூன்று வரி அதை நிரூபிக்காது. பள்ளிக்குப் போன இளம் தலைமுறை கணக்கில் சேர்வதும் எழுத்தறிவில்லாத மூத்த தலைமுறை குறைந்துகொண்டே வருவதும் சேர்ந்துதான் இந்த விகிதம் நகர்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வயதுவாரியான அட்டவணை தேவை என்று சொல். அதையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனால், கேட்டவுடன் எந்த வயதுப் பிரிவில் இடைவெளி எவ்வளவு என்று சொல்ல முடியும்.