பேருந்தைத் தொடு, சிக்னலைத் தொடு: கேப்சாவில் மாட்டியவர்களின் கேள்விகள்

(பதில் சொல்பவர் மதுரையில் பார்வை குறைந்தவர்களுக்குக் கணினி கற்றுத் தருபவர்.)

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, சர்க்கரையால விழித்திரை போச்சு, பார்வைக்கு நடுவுல கறுப்புத் திட்டு. ‘பேருந்து உள்ள கட்டத்தைத் தொடு’ன்னு வருது. பெருசாக்கினா பாதிக் கட்டம் வெளிய போயிருது. முடிச்சாலும் ஃபார்ம் போக மாட்டேங்குது.

எதிரில் இருப்பது ஆளா இயந்திரமா என்று சோதிக்கும் இந்தக் கேப்சாவில் கட்டங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு கட்டத்தைத் தொட்டதும் அது மெல்ல மறைந்து வேறு படம் வரும். நடுப்பார்வை இல்லாதவருக்கு அந்த மாற்றம் பிடிபடாது. பெட்டியின் கீழே இடது பக்கம் ஹெட்போன் படம் இருக்கும், அதைத் தட்டுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் சில சொற்கள் ஒலிக்கும், கேட்டதைத் தட்டச்சு செய்ய வேண்டும். திரைவாசிப்பான் வைத்திருந்தால் அதுவும் கூடவே பேசிக் குழப்பும். NVDA திரைவாசிப்பானில் ‘off’ என்று சொல்லும்வரை Insert + 2 அழுத்தினால் தட்டும் எழுத்தை வாசிப்பது நிற்கும்.

ஃபார்ம் போகாததற்குக் காரணம் நேரமாக இருக்கலாம். விளாச்சேரியில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் வந்தார். ‘I'm not a robot’ டிக்கை முதலிலேயே போட்டுவிட்டு, பத்து நிமிடம் பெயர், முகவரி எல்லாம் நிரப்பினார். அனுப்பும்போது ‘Verification expired’ என்று வந்தது. அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணில் படவே இல்லை. இந்தப் பெட்டி கூகுளின் reCAPTCHA, அதன் டிக் இரண்டு நிமிடம்தான் செல்லும். எல்லாவற்றையும் நிரப்பி, கடைசியாக டிக் போட்டு, உடனே அனுப்பச் சொன்னேன். முதல் தடவையே போனது.

இன்னொன்று: ஒலியைச் சரியாக எழுதியும் ‘Multiple correct solutions required’ என்று வந்தால் நீங்கள் தவறிவிட்டதாக நினைக்காதீர்கள். இன்னும் ஒன்று கேட்கிறது, அவ்வளவுதான்.

பெரியார் பேருந்து நிலையப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்: கஸ்டமர் ஒருத்தருக்கு ஹெட்போன் தட்டினா ‘Try again later’னு வருது. அவருக்கு ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லிட்டேன், சரிதானே சார்?

நாளைக் கணக்கிட்டுப் பயனில்லை. உங்கள் கடையில் எத்தனை கணினி இருந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே ஐபி முகவரிதான். அங்கிருந்து நிறையக் கோரிக்கைகள் போனால் இயந்திரமோ என்று சந்தேகப்பட்டு, ஒலியைத்தான் முதலில் மூடுகிறது. அவருடைய போனில் ஹாட்ஸ்பாட் போட்டு முயலுங்கள். மொபைல் நெட்டிலும் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் அதுவும் தடுக்கப்படலாம். ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தால் பல சமயம் முகவரி மாறும். விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

மேலூர் கல்லூரி மாணவர்: இதுக்கெல்லாம் எதுக்குண்ணே கஷ்டம்? Buster எக்ஸ்டென்ஷன் போட்டா தானே முடிச்சுத் தரும்.

பாதி சரி, தம்பி. அது ஒலியைத்தான் கேட்டு எழுதித் தருகிறது. ஆகவே ஒலியையே மூடிவிட்டால் அதுவும் கைவிடும். மேலே அந்தக் கடையில் அது ஒன்றும் உதவாது.

சோழவந்தானிலிருந்து: எனக்குக் கண்ணோட காதும் மந்தம். ஒலி எனக்கு உதவாதே.

reCAPTCHA-வின் புதிரில் உங்களுக்கு வழி இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வேறு நிறுவனத்தின் கேப்சாவான hCaptcha என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் வேறு கதை. hcaptcha.com/accessibility பக்கத்தில் மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு இணைப்பு வரும். அதைத் திறந்து குக்கியைப் போட்டுக்கொண்டால், கட்டத்தைத் தொடாமலே டிக் விழும். பிரவுசரில் வெளித்தளக் குக்கிகளைத் தடுத்திருந்தாலோ இன்காக்னிட்டோவில் இருந்தாலோ வேலை செய்யாது. குக்கி காலாவதியானதும் மறுபடி போட வேண்டும், அதுதான் தொல்லை.

அண்ணாநகர்: அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சது. பேங்க் ஆப் கண் சிமிட்டச் சொல்லுது, ஏத்துக்கல. இந்த ஹெட்போன் எங்க இருக்கு?

அம்மா, அது கேப்சா இல்லை. கேஒய்சி என்ற அடையாளச் சோதனையில், ஆள் உயிரோடு எதிரில் இருக்கிறாரா என்று பார்ப்பது. ஹெட்போன் அங்கே வராது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், கண் சிமிட்ட முடியாதவர்களுக்கும் கேஒய்சியில் மாற்று வழி வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கிளையில் நேரில் முடித்துத் தரக் கேளுங்கள்.

உசிலம்பட்டி: எங்க ஆபீஸ் தளத்துல வளைஞ்சு நெளிஞ்ச எழுத்துதான், ஹெட்போனே இல்ல. பெருசாக்கினா மங்கிப் போகுது. பக்கத்துக் கடைக்காரர்தான் எல்லாம் பண்ணிக் குடுக்குறாரு, ஓடிபியும் அவர்கிட்டத்தான் சொல்றேன்.

முதலில் ஓடிபியை நிறுத்துங்கள். அந்த எழுத்தை மட்டும் யாராவது வாசித்துச் சொன்னால் போதும். ஓடிபியை நீங்களே போனில் கேட்டுத் தட்டுங்கள். Be My Eyes ஆப்பில் வீடியோ அழைப்பில் தன்னார்வலரைக் கூப்பிட்டு, கேமராவை அந்தப் பெட்டிக்கு மட்டும் காட்டலாம். கடவுச்சொல் திரையில் இருக்கும்போது கூப்பிடாதீர்கள்.

எழுத்து ஒரு படம் என்பதால் பெரிதாக்கினால் மங்கத்தான் செய்யும். விண்டோஸ் மேக்னிஃபையரைத் திறந்து (Windows + பிளஸ்), Ctrl + Alt + I அழுத்தி நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வெள்ளை எழுத்து கறுப்புப் பின்னணியில் சிலருக்குப் பிடிபடும். எல்லாருக்கும் இல்லை, எனக்கே பிடிபடவில்லை.

நெளிந்த எழுத்துக்குப் பதிலாக ஒலியோ ஓடிபியோ தராத தளத்துக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி அந்த அலுவலகத்துக்கு மனு எழுதலாம். நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பலாம். நான் இப்படி ஒரு தளத்துக்கு எழுதி ஐந்து மாதமாகிறது. மனு எண் வந்தது. எழுத்து இன்னும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது.