அக்டோபர் 9 நெருங்குகிறது, புது கம்பெனி பேசவில்லை: மகளுக்காகக் கேட்ட ஒரு அப்பாவுக்கு

வணக்கம் சார்.

நேற்று போனில் நீங்கள் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். மகள் ஆகஸ்ட் 11-ல் ராஜினாமா கொடுத்தாள். 60 நாள் நோட்டீஸ். அக்டோபர் 9, வியாழன் கடைசி நாள். 13, திங்கள் புது கம்பெனியில் சேர வேண்டும். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது. ஆனால் செப்டம்பர் முதல் வாரத்துக்கு அப்புறம் அங்கிருந்து ஒரு வரி வரவில்லை. வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டிருக்கிறாள். நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை.

முதலில் காலண்டரைப் பார்ப்போம். இன்று செப்டம்பர் 22. இன்னும் 17 நாள் இருக்கிறது என்றீர்கள். அதில் சனி, ஞாயிறு போக, அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும். 3-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள். அந்த வெள்ளியையும் சேர்த்தால்கூட 12 வேலைநாட்கள்தான் கையில் இருக்கின்றன. அதனால் எழுத வேண்டிய மெயில் இந்த வாரமே போக வேண்டும். அடுத்த வாரம் போகிற மெயில் பூஜை விடுமுறையில் மாட்டிக்கொள்ளும்.

அவள் இதுவரை அனுப்பியதை எனக்கு ஃபார்வர்ட் செய்திருந்தாள். மூன்றிலும் ஒரே கேள்விதான்: "ஏதாவது அப்டேட் உண்டா?" இதற்குப் பதில் சொல்லாமல் விடுவது மிகவும் சுலபம். அந்த ஹெச்ஆர் பெண் ஒரே சமயத்தில் பல பேரைச் சேர்க்கும் வேலையில் இருப்பார். அப்டேட் என்று ஒன்று கையில் வந்தால்தான் இதற்குப் பதில் எழுத முடியும். அது வராதவரைக்கும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைப்பார். அவரால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேட்க வேண்டும். "13-ஆம் தேதி உறுதியா?" என்று கேட்டால் ஆம், இல்லை, தேதி மாறுகிறது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் அந்த மெயிலை அப்படியே தள்ளிவிடவும் முடியும்.

இன்னொன்று, வாட்ஸ்அப் வேண்டாம். ஆஃபர் லெட்டர் எந்த மெயிலில் வந்ததோ, அதற்கே 'ரிப்ளை ஆல்' போட்டு எழுதச் சொல்லுங்கள். திறக்கிறவருக்குக் கீழே ஆஃபர் லெட்டரும் அவள் அதை ஏற்றுக்கொண்ட மெயிலும் கண்ணில் படும். பெறுநர் வரிசையில் ஹெச்ஆரோடு, கடைசி ரவுண்டில் இன்டர்வியூ செய்த மேனேஜரையும் சேர்க்கட்டும். அவருடைய முகவரி இன்டர்வியூ அழைப்பு மெயிலிலேயே இருக்கும். சிலருக்கு இது மரியாதைக் குறைவோ என்ற தயக்கம் வருகிறது. அப்படி இல்லை சார். ஆள் தேவைப்படுகிறவர் அந்த மேனேஜர்தான். 13-ஆம் தேதி அவள் வராவிட்டால் வேலை நிற்பது அவரிடம்தான்.

போன வருஷம் என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இதே நிலை. மூன்று வாரம் ஒரே ஹெச்ஆருக்குத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். கடைசியில் மேனேஜருக்கு எழுதினபோதுதான் தெரிந்தது, அந்த ஹெச்ஆர் வேலையை விட்டே போய்விட்டார். அவருடைய மெயில்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. மேனேஜரோ, பையன் வரத் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார். மறுநாளே வேறொருவர் போன் செய்தார்.

மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுகிறேன். அவள் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும். தலைப்பு வரியிலேயே தேதி, பெயர், ஆஃபர் எண் மூன்றும் வர வேண்டும்: "அக்டோபர் 13 சேரும் தேதி, உறுதி செய்ய வேண்டுகிறேன்" என்று தொடங்கி அவள் பெயரும் ஆஃபர் எண்ணும்.

"வணக்கம். ஆகஸ்ட் 6 தேதியிட்ட உங்கள் ஆஃபரை ஏற்று, ஆகஸ்ட் 11 அன்று என் தற்போதைய பணியிலிருந்து ராஜினாமா செய்தேன். என் ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டது, அந்த மெயிலை இணைத்திருக்கிறேன். அக்டோபர் 9 என் கடைசி வேலைநாள். ஆஃபரில் உள்ளபடி 13-ஆம் தேதி சேரத் தயாராக இருக்கிறேன். பின்னணிச் சரிபார்ப்புக்கான ஆவணங்களை ஆகஸ்ட் 28 அன்று பதிவேற்றினேன். 13-ஆம் தேதி மாற்றமின்றி இருக்கிறதா என்பதை செப்டம்பர் 25 வியாழக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். இங்கே என் ரிலீவிங் நடைமுறை மறுநாள் தொடங்குகிறது. என்னிடமிருந்து ஏதாவது நிலுவை இருந்தால் சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறேன்."

இவ்வளவுதான். ஒரு தேதி கேட்கிறாள், அதற்கு ஒரு காரணம் சொல்கிறாள். காரணம் அவளுடைய பக்கத்து நடைமுறையாக இருக்கிறது, அதனால் மிரட்டல் மாதிரித் தெரியாது. "எனக்கு வேறு ஆஃபரும் இருக்கிறது" என்று சேர்க்கலாமா என்று கேட்டாள். இல்லாத ஆஃபரைச் சொல்லவே கூடாது. "அப்படியானால் அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் திரும்பி வர வழியில்லை. "அப்பா ரிடையர் ஆகிவிட்டார், குடும்பம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது" என்ற வரியையும் எடுத்துவிடச் சொன்னேன். அது உண்மைதான், எனக்குத் தெரியும். ஆனால் படிக்கிறவர் அந்த வரியைப் பற்றிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கேள்விதான் மங்கிப்போகும்.

ராஜினாமா ஏற்கப்பட்ட மெயிலை இணைக்கச் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. உங்கள் ஆஃபரை நம்பித்தான் இருக்கிற வேலையை விட்டேன் என்பது அதில் தேதியோடு பதிவாகிவிடுகிறது. நாளைக்கு ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றால், பேசுவதற்கு அந்த ஒரு மெயில்தான் பிடி. கோர்ட் மூலமாக ஒரு தனியார் கம்பெனியை "இவளை வேலைக்கு எடுத்துக்கொள்" என்று கட்டாயப்படுத்துவது நடக்காத காரியம். நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் அது அக்டோபர் மாதச் செலவுக்கு உதவாது. அதனால் அந்தப் பக்கம் இப்போது யோசிக்க வேண்டாம்.

இன்றே மெயில் போகட்டும். புதன் மாலைவரை பதில் இல்லையென்றால் அலுவலகப் பொது எண்ணுக்கு போன் செய்து, ஹெச்ஆர் பிரிவில் ஆன்போர்டிங், அதாவது புதிதாகச் சேருகிறவர்களின் நடைமுறைகளைப் பார்ப்பவரைக் கேட்கட்டும். வேலைக்கு ஆள் எடுப்பவரும் ஆன்போர்டிங் பார்ப்பவரும் பல இடங்களில் வேறு வேறு ஆட்கள். போனில் என்ன சொன்னாலும், பத்து நிமிடத்துக்குள் அதே மெயில் தொடரில் "இன்று நீங்கள் போனில் தெரிவித்தபடி 13-ஆம் தேதி உறுதி என்று எடுத்துக்கொள்கிறேன்" என்பதுபோல, சொன்னதை அப்படியே எழுதிவிட வேண்டும்.

இனி, வருகிற பதிலை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். "உங்கள் கேஸ் பிராசஸில் இருக்கிறது, விரைவில் சொல்கிறோம்" என்பது உறுதி இல்லை சார். வீட்டில் எல்லோரும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அதில் தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "சரிபார்ப்பு முடியவில்லை" என்றால், எந்த ஆவணம் என்று கேட்க வேண்டும். பழைய கம்பெனி ஒன்று பதில் தராமல் இழுப்பதால் நிற்கும், அதை அவளே அங்கே பேசி முடுக்கிவிடலாம். "கிளையன்ட் பக்கம் புராஜெக்ட் தள்ளிப்போகிறது" என்பதுதான் நான் பயப்படுகிற பதில். புதுத் தேதி போட்ட திருத்திய ஆஃபர் லெட்டர் வராதவரைக்கும் அதை வேலை இல்லை என்றே கணக்கில் கொள்ளுங்கள். மெயில் வராமலே சில விஷயங்கள் தெரியும். லேப்டாப் அனுப்ப முகவரி கேட்டார்கள், ஆன்போர்டிங் தளத்தில் நிலை மாறியிருக்கிறது என்றால் உள்ளே வேலை நடக்கிறது. அவளுடைய லாகின் வேலை செய்யவில்லை, அதே பதவிக்கு மறுபடி விளம்பரம் வந்திருக்கிறது என்றால் கவனம்.

வியாழன் முடிந்தும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை 26-ஆம் தேதி அவள் இப்போதைய மேனேஜரிடம் பேச வேண்டும். இதைத்தான் எல்லோரும் கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள். கடைசி வாரத்தில் அவளுடைய இடத்துக்கு ஆள் வந்துவிடும், லேப்டாப் ஒப்படைக்கும் தேதி போட்டுவிடுவார்கள், கணக்கு முடிக்கும் வேலை தொடங்கிவிடும். அதற்கு அப்புறம் மேனேஜர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பேசும்போது ராஜினாமாவை வாபஸ் வாங்குகிறேன் என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கடைசி நாளை மூன்று வாரம் தள்ளிக் கேட்கட்டும், அதாவது அக்டோபர் 30 வரை. "என் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பது இன்னும் பாக்கி இருக்கிறது, முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்பது மேனேஜருக்கும் லாபம், அவர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அவள் கையாளும் இரண்டு மாட்யூலில் ஒன்றுக்கு இன்னும் ஆளே வரவில்லை என்றாள். அப்படியானால் இது சாக்குப்போக்கும் இல்லை. புது கம்பெனி பிறகு 13-ஆம் தேதிதான் என்று சொன்னாலும், மூன்று வாரம் அங்கே தள்ளிக் கேட்பது சாதாரண விஷயம். வாபஸ் என்பது அடுத்த படி. அரசுத் துறை, பொதுத்துறை வழக்குகளில் ராஜினாமா அமலுக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்புகள் உண்டு. தனியாரில் அவளுடைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரும் மேனேஜரின் மனசும்தான் தீர்மானிக்கும்.

உங்களுக்கென்று ஒரு விஷயம். உங்கள் இடது கண் ஆபரேஷனை நவம்பரில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளுடைய கம்பெனி இன்சூரன்ஸில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். பெரும்பாலும் அவளுடைய கடைசி வேலைநாளோடு உங்கள் பாதுகாப்பும் நின்றுவிடும். புது கம்பெனியில் அவள் சேர்ந்து பெற்றோரைச் சேர்த்த பிறகுதான் மறுபடி தொடங்கும், சில இடங்களில் பெற்றோரைச் சேர்ப்பதே இல்லை. டாக்டர் சரி என்றால் அக்டோபர் 9-க்கு முன்னால் ஆபரேஷனை முடிக்க முடியுமா என்று இன்றே கேளுங்கள். பணத்திலும் இப்படித்தான். பல கம்பெனிகளில் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, கணக்கு முடிக்கும்போதுதான் தருகிறார்கள், அதற்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம். வீட்டுக் கடன் தவணைக்கு இரண்டு மாதத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

மெயிலை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், மதியத்துக்குள் பார்த்துவிடுகிறேன். வியாழன் மாலை பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவள் ஒரு போன் செய்யட்டும். வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் என்ன பேசுவது என்று அன்றே உட்கார்ந்து எழுதிவிடலாம்.