ஃபராக்கா: 'சரிபாதி' என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சி மையக் குறிப்பில் "கங்கை நீர் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் சரிபாதி" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் வங்கதேசம் ஏன் கோடையில் குறை சொல்கிறது?

பதில்: அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். 1996 டிசம்பர் 12-ல் கையெழுத்தான ஒப்பந்தம் ஜனவரி 1 முதல் மே 31 வரைக்குத்தான். அதிலும், மேற்கு வங்கத்தின் ஃபராக்கா கதவணைக்கு விநாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவாகவோ வரும்போதுதான் பாதிப் பாதி. 75,000-க்கு மேல் வந்தால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமலிருக்க கங்கையின் கிளையாறான ஹூக்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயின் கொள்ளளவுதான் அந்த 40,000.

குறிப்பு விற்பவர்கள் விழுங்கிவிடும் விதிவிலக்கு ஒன்று உண்டு. தண்ணீர் மிகவும் குறையும் மார்ச் 11 முதல் மே 10 வரை பத்துப் பத்து நாளாக முறை வைத்திருக்கிறார்கள். ஒரு முறையில் வங்கதேசத்துக்கு 35,000 உறுதி, அடுத்த முறையில் இந்தியாவுக்கு 35,000 உறுதி. ஏப்ரல் 11 முதல் 20 வரை இந்தியாவின் முறை. அப்போது ஃபராக்காவுக்கு 55,000 வந்தால் வங்கதேசத்துக்கு 20,000தான். ஏப்ரல் 21-ல் முறை மாறியதும் அதே 55,000-இல் இந்தியாவுக்கு 20,000. கூட்டிப் பார்த்தால் கணக்கு சமம். ஆனால் கோடை நெல்லுக்கு இறைப்பவருக்கு அந்தப் பத்து நாள் வறட்சி கணக்கில் தீராது. ஆற்றில் நீர் மட்டம் இறங்கினால் வங்கதேசத்தின் தென்மேற்கில் குல்னா பக்கம் உப்புநீரும் ஏறும்.

இன்னொரு பொறி, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணை. ஏப்ரல் 1 முதல் 10 வரை 63,180 வரும் என்று அதில் இருக்கிறது. அதை "கிடைத்த நீர்" என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அது 1949 முதல் 1988 வரையிலான சராசரி. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் எடுப்பது போக ஃபராக்காவுக்கு உண்மையில் வந்து சேர்வதைத்தான் பங்கிடுகிறார்கள். மேலே எடுப்பதற்கு உச்சவரம்பு கிடையாது. ஃபராக்காவுக்கு வரும் நீரைக் காக்க "எல்லா முயற்சியும்" எடுப்பதாக ஒரு வாசகம், அவ்வளவுதான். 1977 உடன்பாட்டிலாவது வங்கதேசத்தின் பங்கில் 80 சதவீதம் உறுதி என்று இருந்தது. 1996-ல் அது இல்லை. வரத்து 50,000-க்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேச வேண்டுமாம். பேசி முடிப்பதற்குள் பத்து நாள் ஓடிவிடும்!

ஆகவே யாராவது "இந்தியா முழுப் பங்கையும் கொடுத்துவிட்டது" என்றோ "கொடுக்கவில்லை" என்றோ சொன்னால், எந்தப் பத்து நாள், அன்று ஃபராக்காவுக்கு வந்தது எவ்வளவு, எல்லைக்கு அப்பால் ஹார்டிஞ்ச் பாலத்தில் அளந்தது எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு இடத்திலும் கூட்டுக் குழு அளக்கிறது. அந்த அளவுகளை அன்றன்றே பொதுவில் போட்டால் பாதி வம்பு அடங்கிவிடும். ஒப்பந்தத்தின் 30 ஆண்டு 2026 டிசம்பரோடு முடிகிறது. இரு நாடுகளும் சம்மதித்தால்தான் நீளும்.