அம்மா வேண்டாம் என்கிறார், மகன் கையெழுத்துப் போடலாமா?

தக்கலை, ஒரு மகன்: டாக்டர், அம்மாவுக்கு 76 வயசு, மறதி நோய். சர்க்கரையால கால் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுக்கணும்னு சொல்றாங்க. அம்மா வேண்டாம்ங்கிறாங்க. ஞாபகச் சோதனையில 30-க்கு 17. நான் கையெழுத்துப் போட்டா போதும்தானே?

போதாது. 17 என்றால் சந்தேகப்பட இடம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சோதனை தேதியையும் கழித்தலையும் கேட்கிறது, காலைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இந்த ஒரு முடிவை அம்மாவால் இப்போது எடுக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் காய்ச்சல், சோடியம், சிறுநீர்த் தொற்று எல்லாம் பார்த்தார்களா என்று கேளுங்கள். காலில் இருக்கும் தொற்றே புத்தியைக் குழப்பும். அதைச் சரிசெய்ததும் சிலர் நன்றாகத் தெளிகிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் அதுவரை பொறுக்கலாம். அப்புறம், காது மெஷின் இருந்தால் மாட்டிவிட்டு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே, மலையாளம் கலந்த பேச்சென்றால் அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். காலுக்கு என்ன, எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, வேறு வழி உண்டா. பிறகு, "நான் சொன்னதை நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும்.

கட்டைப் பிரித்துக் காட்டிய பிறகும், "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்சது" என்றால், சொன்னது தன் காலைப் பற்றியது என்பதே அவருக்குப் படவில்லை. இந்த முடிவுக்கு அவரிடம் திறன் இல்லை. ஆனால், "எடுக்கலன்னா செத்துருவேன், தெரியும். காலோடயே போறேன்" என்று சொல்லி, காரணமும் சொல்லி, மறுநாளும் அதையே சொன்னால், திறன் இருக்கிறது. மனச்சோர்வு அப்படிப் பேச வைக்கிறதா என்று மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நமக்குப் பிடிக்காத முடிவு என்பதால் திறன் இல்லை என்று எழுதக் கூடாது.

மார்த்தாண்டம், நர்ஸ்: அரை மணி நேரத்துல மறந்துட்டா அந்தச் சம்மதம் செல்லாதுன்னு எங்க வார்டுல சொல்வோம். சரிதானே?

பாதி சரி. யோசித்து முடிவெடுக்கும் வரை மனதில் நின்றால் போதும். மறந்துவிட்டால் மறுபடி விளக்குங்கள். அதே முடிவுக்கு வந்தால் நம்பலாம், ஒவ்வொரு முறையும் மாறினால் நம்ப முடியாது. இன்னொன்று, மறுப்பவரை மட்டும்தான் நாம் சோதிக்கிறோம். எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டுபவருக்கு ஒன்றுமே புரியாமல் இருக்கலாம். அவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அவர் சொன்ன வார்த்தையையே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

குலசேகரம்: எங்க அப்பாவுக்கும் மறதிதான். ரப்பர் தோட்டத்தை எழுதி வாங்கணும், சர்டிபிகேட் தருவீங்களா?

அது வேறு முடிவு, வேறு பரிசோதனை. சிகிச்சைக்காக நான் எழுதுவது பத்திரத்துக்கு உதவாது. வக்கீலைப் பாருங்கள்.

தக்கலை மகன்: அம்மாவுக்குத் திறன் இல்லைன்னு ஆனா, அப்ப நான்தானே?

நடைமுறையில் நெருங்கிய உறவினரிடம்தான் வாங்குகிறார்கள். 2017 மனநலச் சட்டம் சொல்லும் பிரதிநிதி ஏற்பாடு மனநல சிகிச்சைக்கானது, காலை எடுப்பதற்கு அது பொருந்தாது. பிள்ளைகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல் நிற்கும் என்பது இன்னும் தெளிவில்லாத இடம்தான். நோய் வருவதற்கு முன் இப்படி ஒரு நிலைமையைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னதுண்டா? கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் சம்மதப் படிவம் உங்கள் விருப்பத்துக்கானது இல்லை, அம்மா எதை விரும்பியிருப்பார் என்பதைத்தான் டாக்டர் கேட்பார்.