அனுப்பிய ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால்

"ரிப்போர்ட் கிளையண்ட்டுக்குப் போய்விட்டது, இப்போதுதான் ஒரு எண் தப்பு என்று தெரிகிறது. சொல்லணுமா, சத்தமில்லாமல் மாற்றி அனுப்பலாமா?"

சொல்லணும், அதுவும் போனில், இன்றைக்கே. நான் அம்பத்தூரில் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஒரு வேளச்சேரி சைட்டின் எம்25 க்யூப், 28ஆம் நாள் சோதனை: க்யூப் உடைந்த சுமை ரிஜிஸ்டரில் 540 கிலோநியூட்டன், ரிப்போர்ட்டில் 640. 150 மி.மீ. க்யூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ., அப்படியென்றால் உண்மையான வலிமை சதுர மி.மீ.க்கு 24 நியூட்டன், எம்25க்கு வேண்டிய 25க்குக் கீழே; நாங்கள் கொடுத்தது 28.4.

முதலில் மெஷின் பிரிண்டைப் பார்த்து உறுதி செய்தேன். உடனே சைட் இன்ஜினியருக்குப் போன்: "சார், இந்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் முடிவு பண்ணாதீங்க." மறுநாள் காலை மேல் தளத்துக்குக் கான்கிரீட் போட இருந்தார்களாம், நிறுத்தினார்கள். திட்டு விழுந்தது, வேறென்ன. அப்புறம் மெயிலில் தப்பான எண், சரியான எண், காரணம் மூன்றையும் எழுதினேன். இந்த ரிப்போர்ட்டை டைப் செய்த ஆள் அன்று டைப் செய்த மற்ற ரிப்போர்ட்டுகளையும் சரிபார்த்தோம்.

திருத்திய ரிப்போர்ட்டுக்குப் புது எண், எந்தப் பழைய ரிப்போர்ட்டுக்குப் பதில், எது மாறியது என்ற குறிப்பு, இதெல்லாம் சோதனைக்கூடங்களுக்கான தரநிலை ISO/IEC 17025 கேட்பதுதான். பழைய எண்ணிலேயே பிடிஎஃபை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே பிரிண்ட் எடுத்து கன்சல்டன்ட்டிடம் கொடுத்திருப்பார்கள், ஒரே எண்ணில் இரண்டு ரிப்போர்ட் இருந்தால் டைப்பிங் தப்பு என்று யாரும் நம்பமாட்டார்கள்.