கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல்: என் போன் கேமராவுக்கு என்ன ஆனது

"கொஞ்ச நாளா போன் கேமரால எடுக்கிற படமெல்லாம் மங்கலா வருது. லென்ஸைத் துடைச்சுப் பார்த்துட்டேன். சில நேரம் கேமராவைத் திறந்தா வெறும் கருப்பாத் தெரியுது. ஆப் பிரச்சினையா, கேமராவே போயிடுச்சா?"

போன வருடம் எனக்கும் இதே தொல்லைதான். ஒரு வாரம் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே ஓட்டினேன். உண்மையில் லென்ஸ் அழுக்கும் ஃபோகஸ் கோளாறும் படத்தில் ஒரே மாதிரி தெரிவதில்லை. எண்ணெய்க் கை பட்ட லென்ஸ் என்றால் கிட்டத்தில் எடுத்தாலும் தூரத்தில் எடுத்தாலும் படம் முழுக்கப் பனி மூடியது போல வெளுத்திருக்கும். இரவில் தெருவிளக்கிலிருந்து ஒரு கோடு நீளமாக இழுக்கும், அதுவும் நீங்கள் துடைத்த திசைக்குக் குறுக்கே. லென்ஸ் மேல் தனியாகக் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துவிட்டுப் பாருங்கள். அழுக்கு அதற்கு அடியிலும் சேரும்.

என் போனில் அப்படி இல்லை. ஒரு ஜாண் தூரத்தில் வைத்த செய்தித்தாள் எழுத்து பளிச்சென்று வந்தது, எதிர்க்கடை பெயர்ப்பலகை மட்டும் கரைந்து போயிருந்தது. ஏதோ ஒரு தூரம் மட்டும் தெளிவாக வந்து மற்றதெல்லாம் மங்கினால் ஃபோகஸ் சிக்கிக்கொண்டது என்று சந்தேகப்படலாம்.

மெயின் கேமராவின் லென்ஸ் பெரும்பாலான போன்களில் மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. சுற்றிலும் ஒரு காயிலும் காந்தமும் இருக்கும். காயிலில் மின்சாரம் ஏறும்போது லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னும் பின்னும் நகரும், அதுதான் ஃபோகஸ். அந்த ஸ்பிரிங் வளைந்தாலோ உள்ளே தூசி மாட்டினாலோ லென்ஸ் ஓரிடத்திலேயே நின்றுவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கேமரா ஆப்பில் `Pro` இருந்தால் அதில் `MF` என்ற ஸ்லைடரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நகர்த்துங்கள். படம் துளியும் மாறாவிட்டால் லென்ஸ் நகரவில்லை. அந்த வசதி இல்லாவிட்டால், ஒரே பொருளை ஒரே தூரத்திலிருந்து, போனை ஒருமுறை கீழ்நோக்கியும் ஒருமுறை நேராக நிமிர்த்தியும் பாருங்கள். எனக்குக் கீழ்நோக்கிப் பிடித்தால் ஃபோகஸ் ஆகும், நிமிர்த்தினால் போய்விடும். காயில் செய்ய வேண்டிய வேலையை புவியீர்ப்பு செய்துகொண்டிருந்தது! கேமரா மூடியிருக்கும்போது போனை ஆட்டினால் லொடலொடவென்று கேட்பதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நடுக்கம் தடுக்கும் வசதி உள்ள போன்களில் அது சகஜம்.

எனக்கு இது வந்த வழி பைக். தினமும் ஆபீஸுக்கு ஹேண்டில்பார் ஹோல்டரில் போனை மாட்டி மேப் பார்த்துக்கொண்டே போவேன். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவித்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காந்தம் வைத்த கவர், ஹோல்டர் பயன்படுத்தினால் அதையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். லென்ஸை நகர்த்துவதே காந்தம் என்பதால் வெளிக்காந்தம் குறுக்கிடலாம்.

சரி, கருப்புத் திரைக்கு வருவோம். அது தனிக் கதையாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து, திரையின் மேலிருந்து கீழே இழுக்கும் பேனலில் `Camera access` என்று ஒரு பட்டன் சேர்க்கலாம். அது அணைந்திருந்தால் எந்த ஆப்பிலும் கேமரா வேலை செய்யாது. வீடியோ கால் ஆப் ஏதாவது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். ரீஸ்டார்ட் செய்தும் போகவில்லையென்றால், நீங்கள் இறக்கிய ஆப்கள் இல்லாமல் போன் ஓடும் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் அந்த ஆப்களில் ஒன்றுதான் குற்றவாளி.

ஆனால் 0.5x-உம் முன் கேமராவும் நன்றாக வந்து, 1x மட்டும் கருப்பாக இருந்தால் ஆப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆப் தகராறு அப்படி ஒரு லென்ஸை மட்டும் பொறுக்கி எடுப்பது அரிது. கேமரா மாட்யூல் போயிருக்கும், அல்லது கீழே விழுந்ததில் அதன் கனெக்டர் லூஸாகியிருக்கும். லூஸ் என்றால் கழற்றி மாட்டினாலே போதும். அதனால் கடைக்காரரிடம் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

சிக்கிய லென்ஸைத் தட்டிச் சரிசெய்யும் வீடியோக்கள் நிறைய உண்டு. நானும் உள்ளங்கையில் தட்டினேன், இரண்டு நாள் ஓடியது, மறுபடி மாட்டிக்கொண்டது. கடைசியில் மாட்யூலையே மாற்ற வேண்டியதாயிற்று. முதலில் போட்ட மாட்யூலில் படம் ஜெல்லி மாதிரி ஆடியது. நான் கடையிலேயே நின்று வீடியோ எடுத்துப் பார்த்ததால் தப்பித்தேன், வேறொன்று போட்டுக் கொடுத்தார். நீங்களும் காசு கொடுக்கும் முன் கிட்டத்தில் ஒன்று, வாசலுக்கு வந்து தூரத்தில் ஒன்று, நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். வாட்டர்ப்ரூஃப் போன் என்றால், திறந்த பிறகு தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அதுவரைக்கும் ஆதார் நகல் மாதிரி அவசரத்துக்கு நான் 0.5x-இல்தான் எடுத்தேன். ஓரம் கொஞ்சம் வளையும், எழுத்து படிக்க முடியும்.