ஸ்டாப்லாஸை அடித்துவிட்டு விலை திரும்புவது ஏன்?

"என் ஸ்டாப்லாஸ் அடிபட்டதும் விலை மேலே போய்விடுகிறது. அதை எங்கே வைப்பது?"

ஸ்டாப்லாஸ் என்பது குறிப்பிட்ட விலை வந்தால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர். ஒரு பங்கு 500 ரூபாயில் பலமுறை தாங்கி எழுந்திருந்தால், 510-இல் வாங்கிய பலரும் 499-இல்தான் அதை வைப்பார்கள். ஊரே பூந்தொட்டிக்கு அடியில் சாவி வைப்பது போல. விலை அங்கே தொட்டதும் எல்லாம் ஒன்றாக விற்பனை ஆர்டராக மாறி, விலையை இன்னும் சற்று இறக்கும். மலிவாக வாங்கக் காத்திருந்தவர்கள் அதை வாங்கி முடித்ததும் விற்பவர் குறைந்து, விலை எழும்பும்.

எனவே சார்ட்டில் ATR பாருங்கள். அந்தப் பங்கு வழக்கமாக எவ்வளவு ஆடுகிறது என்பதை அது காட்டும். அது 10 ரூபாய் என்றால் 500-க்குக் கீழே 10 தள்ளி, 490-இல் வையுங்கள். முக்கியமானது அடுத்த கணக்கு: 510-இல் வாங்கினால் ஒரு பங்குக்கான நஷ்டம் 11 ரூபாயிலிருந்து 20 ஆகிவிடும், அதனால் பங்கு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 1,000 ரூபாய் நஷ்டம் தாங்குவீர்கள் என்றால், 499-இல் ஸ்டாப் வைத்து 90 பங்கு வாங்கிய இடத்தில் இப்போது 50 மட்டும். இதைச் செய்யாமல் ஸ்டாப்பை மட்டும் தள்ளினால் நஷ்டம்தான் பெருகும். உண்மையாகவே விலை சரிந்தால் 490-உம் அடிபடும். அது சரியான வெளியேற்றம்.

புரோக்கர் நம் ஸ்டாப்பைப் பார்த்து வேட்டையாடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். 50 பங்குக்காக யாரும் விலையை நகர்த்துவதில்லை, எல்லோரும் ஒரே விலையில் குவிவதுதான் காரணம்.